தெத்துப்பல்லுக்குக் கிளிப்பா, அலைனரா?

"என் மகளுக்கு 14 வயது. மேல்வரிசையில் வலப்பக்கக் கோரைப்பல் இறங்க இடமில்லாமல், ஈறுக்கு மேலே தெத்துப்பல்லாக நிற்கிறது. கீழ் முன்பற்களும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மருத்துவர் கிளிப் போடச் சொன்னார், ஒன்றரை ஆண்டு ஆகும் என்றார். இன்னொருவர், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் போதும் என்கிறார். அதற்குச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மகள் அலைனர் என்றால்தான் சம்மதிப்பாளாம். அவள் அப்பா, கிளிப்தான் உறுதி என்கிறார். இரண்டிலும் பலன் ஒன்றுதானா? அந்தக் கூடுதல் பணம் கொடுக்கத் தகுமா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கவனம் போனது அந்தத் தெத்துப்பல்லின் மேல்தான். கீழ் முன்பற்களின் நெருக்கம் மட்டும் இருந்திருந்தால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி என்று இரண்டே வரியில் எழுதியிருப்பேன். மேலே ஏறி நிற்கும் கோரைப்பல் அப்படி விட்டுவிடக்கூடியது அல்ல. இரண்டு சாதனங்களுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அந்த ஒரு பல்லில்தான் தெரியவரும்.

பல் எலும்புக்குள் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பல்லின் மேல் லேசான அழுத்தம் தொடர்ந்து விழுந்தால், அழுந்தும் பக்கம் எலும்பு கரையும், எதிர்ப்பக்கம் புது எலும்பு ஊறும். இப்படித்தான் பல் நகர்கிறது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்பது நல்ல வேகம். கிளிப்பானாலும் அலைனரானாலும் உடலுக்குள் நடப்பது இதே வேலைதான். ஆகவே ஒன்று நவீனம், மற்றது பழசு என்று பார்க்க வேண்டாம். பல்லை எது எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பாருங்கள்.

கிளிப்பில் ஒவ்வொரு பல்லின் மேலும் பிராக்கெட் என்ற சிறிய கட்டையைப் பசை வைத்து ஒட்டி, அதன் வழியே கம்பியைச் செலுத்துகிறோம். பிடி பல்லோடு ஒட்டியே இருப்பதால் பல்லைக் கீழே இழுக்கலாம், மேலே ஏற்றலாம், சுழற்றலாம், வேரைச் சாய்க்கலாம். அலைனர் பல்லின் மேல் தொப்பிபோல் கவியும் பிளாஸ்டிக் உறை. தொப்பியை வைத்துத் தலையை அமுக்கலாம், பக்கவாட்டில் தள்ளலாம். தொப்பியைப் பிடித்து இழுத்தால் தொப்பிதான் கழன்று வரும், தலை வராது. உங்கள் மகளின் கோரைப்பல்லை ஈறிலிருந்து கீழே இழுக்க வேண்டியிருக்கிறது. அலைனருக்குக் கடினமான அசைவு இதுதான். கோரைப்பல் ஓரளவு உருண்டையாகவும் இருப்பதால் அதைச் சுழற்றும்போதும் உறை வழுக்கும்.

அதற்காக அலைனரால் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பல்லின் மேல் பல் நிறத்திலேயே சிறு மேடு ஒன்றை ஒட்டுவோம், அதற்கு அட்டாச்மென்ட் என்று பெயர். பிளாஸ்டிக் அந்த மேட்டைப் பற்றிக்கொண்டு இழுக்கும். அதுவும் போதாவிட்டால் பல்லில் ஒரு பொத்தானை ஒட்டி, அதிலிருந்து அலைனருக்குச் சிறு ரப்பர் வளையம் மாட்டுவோம். அந்த ரப்பரை மகளே தினமும் மாற்ற வேண்டும். 'வெளியே தெரியாது' என்ற பேச்சு இந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. முன்பற்களில் நாலைந்து மேடும் ஒரு ரப்பரும் இருந்தால் பக்கத்தில் உட்காருபவருக்குத் தெரியத்தான் செய்யும். இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிளிப்பிலும் இந்தப் பல்லுக்குத் தனிக் கவனம் வேண்டும். உயரத்தில் இருக்கும் பல்லை மெல்லிய கம்பியில் அப்படியே கட்டிவிட்டால் அது கீழே இறங்கும்போது பக்கத்துப் பற்கள் மேலே ஏறிக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் மேல் கீழ்ப் பற்கள் கடிக்காமல் சந்து விழும், சிரிக்கும்போது பல்வரிசை ஒருபக்கம் சாய்ந்து தெரியும். இதைத் தவிர்க்க, மற்றப் பற்களைத் தடித்த கம்பியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, கோரைப்பல்லுக்கு மட்டும் மெல்லிய கம்பி ஒன்றைக் கூடுதலாகச் செலுத்துவோம். "பக்கத்துப் பற்கள் மேலே ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கிளிப் போடுபவரையும் அலைனர் தருபவரையும் கேட்கலாம். பதில் சொல்லும் விதத்திலேயே அவருக்கு இதில் எவ்வளவு பழக்கம் என்பது விளங்கிவிடும்.

பல்லை இறக்குவதற்கு முன்னால் அதற்கு இடம் வேண்டும். இரண்டு மருத்துவர்களும் இதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அச்சு எடுத்தோ ஸ்கேன் செய்தோ, பற்களின் மொத்த அகலத்தையும் தாடையில் உள்ள இடத்தையும் அளந்து, எத்தனை மில்லிமீட்டர் போதவில்லை என்று கணக்கிடுவார்கள். பற்றாக்குறை 4 மில்லிமீட்டருக்குள் என்றால், வரிசையைச் சற்று அகலப்படுத்தியும், பற்களின் பக்கங்களில் எனாமலை மிக மெல்லிசாக இழைத்தும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். 8, 10 என்று போனால் முன்கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டியிருக்கும். ஒரு பல்லை எடுத்தால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் உதட்டின் முன்தள்ளல், முகவெட்டு, ஈறின் தடிமன் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுப்போம்.

பல் எடுத்துச் செய்யும் சிகிச்சை என்றால், 14 வயதுப் பிள்ளைக்கு நான் தயங்காமல் கிளிப்பைத்தான் சொல்வேன். 7 மில்லிமீட்டர் இடைவெளியை மூடும்போது பல்லின் தலையும் வேரும் சேர்ந்து நகர வேண்டும். அலைனரில் தலை முன்னால் சாய்ந்து வேர் பின்தங்கிப் போவது அடிக்கடி நடக்கிறது. பார்வைக்கு இடைவெளி மூடியிருக்கும், இரண்டு வேர்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். இதைத் தேர்ந்த கை சரிசெய்துவிடும், ஆனால் சிகிச்சை நீண்டுகொண்டே போகும். ஆகவே முதலில் முழுத்தாடை எக்ஸ்ரேயும் அளவும் எடுத்து, "எத்தனை மில்லிமீட்டர் குறை, பல் எடுக்க வேண்டுமா?" என்ற கேள்விக்கு இருவரிடமும் பதில் வாங்குங்கள். அதைக் கேட்காமல் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. எக்ஸ்ரே இல்லாமல், வாயைப் பார்க்காமல், வீட்டுக்கே அலைனர் அனுப்பிவைக்கும் ஏற்பாடு எதுவும் உங்கள் மகளுக்கு வேண்டவே வேண்டாம்.

பல் எடுக்கத் தேவையில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். சாப்பிடவும், தண்ணீர் தவிர வேறு எதைக் குடிக்கவும், பல் துலக்கவும் கழற்றலாம். மற்ற நேரமெல்லாம் வாயில் இருக்க வேண்டும். ஓர் உறை பல்லை அதிகபட்சம் கால் மில்லிமீட்டர் அளவே நகர்த்தும். மருத்துவர் சொல்வதைப் பொறுத்து 7 நாளுக்கோ 14 நாளுக்கோ ஒருமுறை அடுத்த உறைக்கு மாறுவார்கள். கோரைப்பல் 5 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் அதற்கு மட்டுமே 20 உறைகள் ஆகும். இடம் உண்டாக்கும் உறைகள் அதற்கும் முன்னால்.

வாரத்துக்கு ஓர் உறை, நாளுக்கு 22 மணி நேரம் என்றால், ஓர் உறை 154 மணி நேரம் வேலை செய்கிறது. மகள் 14 மணி நேரம்தான் போடுகிறாள் என்றால் அதே 154 மணி நேரம் சேர 11 நாள் பிடிக்கும். அப்படியானால் தாமதமாக மாற்றிக்கொண்டால் போதாதா என்று தோன்றும். போதாது. உறையைக் கழற்றிய நேரத்தில் நார்ப்படலம் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கத் தொடங்கிவிடும். முன்னே போவதும் பின்னே வருவதுமாகப் பல் ஆடிக்கொண்டிருந்தால் வலிதான் மிஞ்சும்.

என்னிடம் வந்த 15 வயதுப் பையன் ஒருவனின் கதையைச் சொல்கிறேன். நெருக்கம் குறைவு, தெத்துப்பல்லும் இல்லை. அலைனருக்கு மிகவும் பொருத்தமான வாய் என்று நானே சொன்னேன். 26 உறைகள், ஒவ்வொன்றும் 10 நாள், அதாவது 260 நாளில் முடிய வேண்டியது. ஒன்பதாவது உறை போட்டிருந்தபோது வந்தான். மேல் முன்பற்களுக்கு அடுத்திருக்கும் சின்னப் பல்லின் நுனிக்கும் உறைக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் காற்றிடைவெளி தெரிந்தது. உறை அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது, பல் பழைய கட்டத்திலேயே நின்றுவிட்டது. தனியாகப் பேசியதில் உண்மையைச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் கழற்றினால் மாலையில் வீட்டுக்கு வந்துதான் மறுபடி போடுவானாம். கை கழுவி, வாய் கொப்பளித்து, நண்பர்கள் முன்னால் மாட்டக் கூச்சம். அவன் சோம்பேறியே இல்லை. அந்தக் கூச்சத்தை நான் முன்பே யோசித்துக் கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தவறியது என் பிழை.

மறுபடி ஸ்கேன் எடுத்து 24 உறைகள் புதிதாகச் செய்தோம். பதினான்காவதில் அதே பல், அதே இடைவெளி. பிறகு அவனே, "கிளிப் போட்டுவிடுங்கள் டாக்டர், ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை இருக்காது" என்றான். கிளிப்பில் பத்து மாதம். ஒன்பது மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது 19 மாதம் ஆயிற்று, பெற்றோர் இரண்டு சிகிச்சைக்கும் பணம் கட்டினார்கள். பற்கள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்தின் பணமும் பொறுமையும் வீணானதை என்னால் மறக்க முடியவில்லை.

அலைனர் ஏற்கவில்லை என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். உறையைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்றால் பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சந்து தெரியக்கூடாது. புது உறை முதல் இரண்டு மூன்று நாள் இறுக்கமாக இருப்பது இயல்பு. ஐந்தாம் நாளும் ஒவ்வொரு மாலையும் மாட்டும்போது வலிக்கிறது என்றால், பகலில் அது வாயில் இல்லை என்று பொருள். இப்படித் தெரிந்தால் அடுத்த உறைக்குப் போகாமல் அங்கேயே நிறுத்தி மருத்துவருக்குச் சொல்லுங்கள். இரண்டாவது உறையிலேயே பிடித்தால் பத்து நாள் இழப்போடு போகும். ஒன்பதாவதில் பிடித்தால் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

கிளிப் போட்டால் ஒழுங்கு தேவையில்லை என்று அவள் அப்பா நினைத்தால் அதையும் திருத்த வேண்டும். கிளிப்பில் அணியும் ஒழுங்கு வேண்டாம், துலக்கும் ஒழுங்கு வேண்டும். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படிந்தால் எனாமலில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டுகள் விழும். ஒரே மாதத்தில்கூட அது தொடங்கிவிடலாம். கிளிப்பைக் கழற்றிய அன்று பற்கள் நேராக இருக்கும், ஒவ்வொன்றிலும் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டம் போட்டதுபோல் தெரியும். முழுமையாக மறையாத திட்டுகளும் உண்டு. அலைனரில் பல்லைத் துலக்குவது எளிது. ஆனால் இனிப்பான பானம் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் உறையை மாட்டினால் சர்க்கரை பல்லின் மேலேயே அடைபட்டுக் கிடக்கும், சொத்தை அங்கேயும் வரும். உங்கள் மகள் இப்போது இரவில் பல் துலக்காமல் தூங்குகிறவளா, அல்லது துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா? அப்படியென்றால் எதையும் தொடங்குவதற்கு முன் அந்தப் பழக்கத்தைச் சரிசெய்து, சுத்தம் செய்துகொண்டு வரச் சொல்வேன்.

கடித்தால் பிராக்கெட் பெயரும் கடினமான பண்டங்களும் ஒட்டும் மிட்டாய்களும் கிளிப்பில் ஆகாது. பிராக்கெட் ஒன்று பெயர்ந்தால், அதை மறுபடி ஒட்டும்வரை அந்தப் பல் சும்மா நிற்கும். கம்பி கன்னத்தில் குத்தினால் மெழுகு வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் போவதும் தவிர்க்க முடியாது.

இனி பணம். அலைனர் விலையின் பெரும்பகுதி, உறைகளை ஒட்டுமொத்தமாகச் செய்துதரும் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே போய்விடுகிறது. ஆகவே நடுவில் நிறுத்தினால் பணம் திரும்புவது அரிது. கிளிப்புக்குச் சிகிச்சை போகப்போகத் தவணையில் கட்டும் வழக்கம் அதிகம். உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு தொகையும் எதையெதை அடக்கியவை என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் தொகுதி உறைகள் முடிந்ததும் மிச்சமிருக்கும் கோணலைச் சரிசெய்ய இரண்டாம் தொகுதி தேவைப்படுவது மிகச் சாதாரணம். அது இந்த விலைக்குள் வருமா, எத்தனை முறை வரும்? ஓர் உறை தொலைந்தால் என்ன கட்டணம்? அலைனர் ஏற்காமல் கிளிப்புக்கு மாறினால் கட்டிய பணத்தில் எவ்வளவு கழிப்பார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராதவரிடம் நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

கேட்க மறந்துவிடும் இன்னொரு செலவு ரிட்டெய்னர். எந்தச் சாதனத்தால் நேராக்கினாலும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். கீழ் முன்பற்களும், சுழற்றி வைத்த பற்களும் இதில் முன்னால் நிற்கும். ஆகவே முடிந்தபிறகு கழற்றி மாட்டும் தட்டு வேண்டும், கீழ் முன்பற்களின் பின்னால் மெல்லிய கம்பியும் ஒட்டலாம். முதல் சில மாதம் பெரும்பாலான நேரமும், பிறகு இரவுகளிலும் ஆண்டுக்கணக்கில் தட்டை அணிய வேண்டியிருக்கும். தட்டு உடையும், தொலையும், மாற்ற வேண்டிவரும்.

இவ்வளவும் எழுதியபின் என் கருத்தைச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு முதல் தேர்வாக நான் கிளிப்பைச் சொல்வேன், மேல் முன்பற்களுக்கு மட்டும் பல் நிறத்துச் செராமிக் பிராக்கெட்டோடு. உலோகத்தைவிட இது கொஞ்சம் கூடுதல் விலை, அலைனரைவிட வழக்கமாகக் குறைவு. பேசும் தூரத்தில் பளிச்சென்று தெரியாது. கீழ்ப்பற்களுக்குச் செராமிக் வேண்டாம், அது மேல்பல்லின் எனாமலைத் தேய்த்துவிடக்கூடும். இன்னொரு வழியும் இருக்கிறது. கோரைப்பல் இறங்கி வரிசையில் சேரும்வரை ஆறேழு மாதம் கிளிப், மிச்சத்தை முடிக்க அலைனர். எல்லா மருத்துவரும் இதைச் செய்வதில்லை, செலவும் கூடும், ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம்.

மகள் ஏன் அலைனர்தான் வேண்டும் என்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதில் எதையும் அவள்மேல் திணிக்காதீர்கள். அம்மாவையும் அப்பாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டால் பிள்ளைகள் வேறு காரணம் சொல்வார்கள். ஒருத்திக்குக் கேலி பயம், இன்னொருத்திக்கு வலி பயம், மூன்றாமவள் தோழியின் கன்னத்தில் கம்பி குத்தியதைப் பார்த்திருப்பாள். செராமிக் பிராக்கெட்டைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னதும் மனம் மாறியவர்கள் பலர்.

அவள் அப்போதும் உறுதியாக இருந்தால், பல் எடுக்கத் தேவையில்லை என்பதும் உறுதியானால், ஒரு சோதனை வையுங்கள். ஸ்கேனிலிருந்து பல்லை நகர்த்தாத வெறும் உறை ஒன்றைச் செய்துதரச் சொல்லுங்கள், அதற்கு அதிகம் செலவாகாது. பள்ளி நடக்கும் நாட்களாகப் பார்த்து 21 நாள் அவள் அதை அணியட்டும். கழற்றிய நேரத்தையும் மாட்டிய நேரத்தையும் ஒரு சிறு நோட்டில் அவளே எழுதட்டும். நீங்கள் ஞாபகப்படுத்தாதீர்கள், நோட்டை எட்டிப் பார்க்கவும் வேண்டாம். 21 நாளில் 18 நாளாவது 20 மணி நேரத்தைத் தொட்டிருந்தால் அலைனரைக் கொடுங்கள். கோரைப்பல்லுக்கு மேடும் ரப்பரும் வேண்டியிருக்கும் என்று தெரிந்தே அவள் தொடங்கட்டும். தொடவில்லை என்றால் நோட்டைத் திறந்து அவளே பார்ப்பாள், கிளிப்பைப் பற்றி அப்போது பேசுங்கள். இந்த மூன்று வாரம் காத்திருப்பதால் அந்தப் பல்லுக்கு எந்தக் கெடுதலும் வராது.